அழித்த போட்டோவும் வாட்ஸப் மெசேஜும் திரும்பக் கிடைக்குமா: பல வருடப் பயன்பாட்டில் பார்த்தது

வீட்டில் யார் போனில் எது காணாமல் போனாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். அப்படிச் சில வருடங்களாக கூகுள் போட்டோஸ் டிராஷ், வாட்ஸப் பேக்கப் இரண்டையும் அடுத்தவர் பதற்றத்தோடு சேர்த்தே பயன்படுத்தி வருகிறேன். போட்டோ அழிந்தால் பெரும்பாலும் நிதானமாக எழுந்து போய்ப் பார்க்கலாம். வாட்ஸப் சாட் அழிந்தால் அன்று ராத்திரி 2 மணிக்குள் பார்த்தாக வேண்டும்.

முதலில் போட்டோவை முடித்துவிடுகிறேன், அது சுலபம். பேக்கப் ஆன படத்தை கூகுள் போட்டோஸில் அழித்தால் 60 நாள் டிராஷில் இருக்கும் (நம் ஊர் ஆங்கிலத்தில் வைத்திருந்தால் அதன் பெயர் `Bin`). பேக்கப் ஆகாமல் போனில் மட்டும் இருந்த படத்துக்கு 30 நாள்தான். சாம்சங் கேலரிக்குத் தனி டிராஷ் உண்டு, அதுவும் 30 நாள். ஐபோனில் போட்டோவுக்கு `Recently Deleted`, 30 நாள். ஐஓஎஸ் 16 வந்த பிறகு அதன் மெசேஜஸ் செயலிக்கும் அதே வசதி வந்துவிட்டது. எந்தச் செயலியில் அழித்தோமோ அந்தச் செயலியின் டிராஷில் தேட வேண்டும், அவ்வளவுதான்.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு கூத்து, ரீஸ்டோர் கொடுத்த பிறகும் "படம் வரலையே" என்பார்கள். படம் வந்திருக்கும், ஆனால் எடுத்த தேதியில் போய் உட்கார்ந்திருக்கும். 2019 பொங்கலுக்கு எடுத்த படத்தை மீட்டால் அது 2019 ஜனவரியில் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்காது. வரவில்லை என்று நினைத்து மறுபடி டிராஷுக்குப் போய் அங்கே எதையாவது அழுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். டிராஷைக் காலி செய்தால் 60 நாளும் கிடையாது, அந்த நிமிடமே கதை முடிந்தது. 15 ஜிபி நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வரும்போது கை நேராக அங்கேதான் போகும் என்பதால் சொல்கிறேன்.

சரி, வாட்ஸப். இங்கே டிராஷே கிடையாது. ஒரே ஒரு மெசேஜை "டெலீட் ஃபார் மீ" கொடுத்தால் சில நொடிகளுக்கு `Undo` காட்டும். முழு சாட்டை அழித்தாலோ `Clear chat` கொடுத்தாலோ அதுவும் இல்லை. மிச்சம் இருப்பது பேக்கப் மட்டும், ஆண்ட்ராய்டில் அது இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று கூகுள் கணக்கில், இன்னொன்று போனுக்குள்ளேயே. இந்த இரண்டும் வேறு வேறு மாதிரி பழசாகும் என்பதுதான் முழு விஷயமும்.

ஈரோட்டில் இருக்கும் என் அண்ணி வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். ஒரு கல்யாண வீட்டு ஆர்டருக்கான அளவுகள், கழுத்து டிசைன் படங்கள், எந்தப் புடவைக்கு எது என்று வாடிக்கையாளர் பேசி அனுப்பிய வாய்ஸ் நோட்டுகள் எல்லாம் ஒரே சாட்டில். குட்மார்னிங் குரூப்பை காலி செய்யப் போனவர் இந்தச் சாட்டை `Clear chat` செய்துவிட்டார், கீழே "மீடியாவையும் அழி" என்ற டிக் வேறு அப்படியே இருந்திருக்கிறது. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் போன். "தம்பி, எல்லாம் போச்சு, பேக்கப் பட்டனை அமுக்கிப் பாக்கவா?" என்றார். வேண்டவே வேண்டாம் அண்ணி என்று கத்தாத குறை.

அந்தப் பட்டனை நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். `Back up` என்பது போனில் இப்போது இருப்பதை மேலே அனுப்பும், மேலே இருப்பதைக் கீழே கொண்டுவராது. கூகுள் கணக்கில் வாட்ஸப்புக்கு ஒரே ஒரு பேக்கப்தான் இருக்கும், புதிது ஏறினால் பழையது போய்விடும். காலியான சாட்டோடு அமுக்கியிருந்தால் அன்று காலை வரை பத்திரமாக இருந்த அளவுகளும் சேர்ந்து போயிருக்கும். நாம் அமுக்காவிட்டாலும், தினசரி பேக்கப் வைத்திருந்தால் ராத்திரி அதுவே அந்த வேலையைச் செய்துவிடும். அதனால் முதலில் ஏரோப்ளேன் மோட் போடச் சொன்னேன், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

வாட்ஸப் உள்ளே சாட் பேக்கப் பக்கத்தைத் திறந்தால் கடைசி பேக்கப் எந்த நேரம் என்று காட்டும். அண்ணிக்கு அன்று அதிகாலை 2 மணி சொச்சம். அப்படியானால் அழிந்த சாட் அதற்குள் முழுசாக இருக்கிறது, படங்களோடும் வாய்ஸ் நோட்டுகளோடும். ஆனால் காலை 2 மணியிலிருந்து சாயங்காலம் வரை மற்ற எல்லா சாட்டிலும் வந்தது அதில் இருக்காது. அதனால் அன்றைக்கு வந்த முக்கியமான பேச்சுகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டார். டூ-ஸ்டெப் பின் நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அது தெரியாமல் வாட்ஸப்பை நீக்கினால் திரும்ப உள்ளே போகவே தனிப் போராட்டம். பேக்கப்புக்குப் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ போட்டிருந்தால் அதுவும் கையில் வேண்டும், இல்லையென்றால் அந்தப் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது.

அப்புறம் செயலியை நீக்கி, நெட்டைப் போட்டு, மறுபடி நிறுவி, அதே எண், அதே கூகுள் கணக்கு. ரீஸ்டோர் கேட்கும்போது பேக்கப்பின் நேரத்தைக் காட்டும், அதைப் பார்த்துவிட்டு ரீஸ்டோர் கொடுத்தார். மெசேஜ்கள் உடனே வந்துவிட்டன, வாய்ஸ் நோட்டுகள் பின்னணியில் மெதுவாக இறங்கின. இடையில் போன் ஆஃப்லைனில் இருந்தபோது மற்றவர்கள் அனுப்பியதும் வந்து சேர்ந்தது. போய்ச் சேராத மெசேஜை வாட்ஸப் சர்வர் 30 நாள் வரை வைத்திருக்கும்.

இதே கதை என்னுடன் வேலை பார்க்கும் நண்பருக்கு வேறு மாதிரி முடிந்தது. அவர் ஞாயிறு சாயங்காலம் ஒரு சாட்டை அழித்தார், புதன்கிழமை மதியம் வந்து சொன்னார். தினசரி பேக்கப், வீட்டில் வைஃபை, எல்லாம் சரியாக வேலை செய்திருந்தது, அதுதான் பிரச்சினையே. கூகுள் கணக்கில் இருந்தது புதன் அதிகாலைப் பேக்கப், அழிந்த சாட் அதில் இல்லை.

ஆனால் ஆண்ட்ராய்டில் போனுக்குள் இருக்கும் பேக்கப் கடைசி ஏழு நாள் வரை தனித்தனிக் கோப்பாக நிற்கும். அது இருக்கும் இடம்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

உள்ளே தேதி இல்லாத கோப்புதான் கடைசி பேக்கப், தேதி உள்ளவை பழையவை. ஞாயிறு சாயங்காலம் அழித்தது என்றால் ஞாயிறு அதிகாலைக் கோப்பு வேண்டும். உதாரணமாக அந்த ஞாயிறு 2024 ஜூன் 9 என்று வைத்துக்கொண்டால், பெயர் மாற்றம் இப்படி இருக்கும்:

```
msgstore-2024-06-09.1.db.crypt14
msgstore.db.crypt14
```

தேதி இல்லாத கோப்புக்கு முதலில் வேறு பெயர் வைத்துவிட்டு, மேலே உள்ளதைக் கீழே உள்ளதாக மாற்ற வேண்டும். கடைசி எண் 14 என்றால் 14, 15 என்றால் 15, அதைத் தொடக்கூடாது. இதெல்லாம் செய்வதற்கு முன் `WhatsApp` ஃபோல்டர் மொத்தத்தையும் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துவிட வேண்டும். செயலியை நீக்கி நிறுவிய பிறகு ஃபோல்டர் போனில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நகலைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் வாட்ஸப்பைத் திறக்க வேண்டும். திறந்ததும் கூகுள் கணக்கு அனுமதி கேட்கும். அதை மறுத்துவிட்டால் போனில் இருக்கும் பேக்கப்பைத் தேடும். கொடுத்துவிட்டால் புதன்கிழமைப் பேக்கப்பைக் கொண்டுவந்து நீட்டும்.

நண்பருக்கு மெசேஜ்கள் வந்தன. படங்கள் வரவில்லை, மங்கலான சின்னப் படம் மட்டும் தெரிந்தது, தொட்டால் அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொன்னது. காரணம், அந்த `msgstore` கோப்பில் எழுத்து மட்டும்தான் இருக்கிறது. படங்கள் `Media` ஃபோல்டரில் தனியாக இருப்பவை, அவற்றை அவர் ஞாயிறன்றே அழித்துவிட்டார். படங்களும் உள்ள பேக்கப் கூகுளில் இருந்தது, அது திங்கள் அதிகாலையிலேயே மாறிவிட்டது. ஞாயிறு ராத்திரியே சொல்லியிருந்தால் அண்ணிக்கு வந்தது போல் எல்லாம் வந்திருக்கும்.

ஞாயிறு கோப்பை ரீஸ்டோர் செய்தால் திங்கள் முதல் புதன் வரை வந்த எல்லா மெசேஜும் போய்விடுமே என்று பயந்தார். அதற்கு ஒரு வழி உண்டு. பழையதை ரீஸ்டோர் செய்தவுடன் நெட்டை அணைத்து, வேண்டிய சாட்டை மட்டும் `Export chat` போட்டுக் கோப்பாக எடுத்துக்கொண்டு, மறுபடி நீக்கி, நகலில் உள்ள புதன்கிழமைக் கோப்பை வைத்து ரீஸ்டோர் செய்யலாம். இந்த நடுவில் கூகுள் பேக்கப் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரே நாளில் திரும்பத் திரும்ப எண்ணைப் பதிவு செய்தால் வாட்ஸப் அடுத்த ஓடிபி கொடுக்க மணிக்கணக்கில் காக்க வைக்கும். அதனால் எந்தத் தேதிக் கோப்பு என்று முன்பே தீர்மானித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் வேலை ஆகாது.

எட்டாவது நாள் வந்து கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எதிர்முனையில் இருப்பவரின் போனில் அந்தச் சாட் அப்படியே இருக்கும், அவரை எக்ஸ்போர்ட் செய்து அனுப்பச் சொல்லலாம், அவ்வளவுதான்.

டிராஷும் பேக்கப்பும் கைவிட்ட பிறகு எல்லோரும் போய் நிற்பது "அழித்த படங்களை மீட்கும்" செயலிகளிடம். என் அனுபவத்தில் அவை காட்டுவதில் முக்கால்வாசி கேஷில் மிச்சமிருக்கும் சின்னச் சின்ன தம்ப்நெயில்கள், தெளிவான படம் வேண்டுமென்றால் பணம் கட்டு என்று கேட்கும், கட்டினாலும் அதே மங்கல்தான். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு வந்த போன்களில் உள் நினைவகம் முழுக்க என்க்ரிப்ட் ஆகியிருக்கும், அழித்த கோப்பின் இடத்தை போனே சுத்தமும் செய்துவிடும். வெளியிலிருந்து வரும் செயலிக்குத் தோண்ட அங்கே ஒன்றும் இருக்காது. இதற்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

கேமராவின் மெமரி கார்டு வேறு கதை. அது பொதுவாக என்க்ரிப்ட் ஆகாதது, அழித்தாலும் அதன் மேல் புதிதாக எதுவும் எழுதப்படும் வரை படங்கள் உள்ளே கிடக்கும். கார்டைக் கழற்றி, ஒரு படம்கூடப் புதிதாக எடுக்காமல், கம்ப்யூட்டரில் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் நிறையவே திரும்ப வரும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும். பழைய கோப்புப் பெயரெல்லாம் போய் வெறும் எண்களாகத்தான் வரும், படம் எடுத்த தேதி மட்டும் உள்ளே இருக்கும், அதை வைத்து உட்கார்ந்து பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.