அறைத்தோழியிடம் விடைபெற்ற விதம்: சில ஆண்டுகள் கழித்து ஒரு மதிப்பீடு

விடுதியில் ஒருவர் மட்டும் படிப்பை முடித்துக் கிளம்பினால் மற்றவருக்கு அறையாவது மிஞ்சும். இருவரும் ஒரே நாளில் முடித்தால் அதுவும் இல்லை. அன்று மாலைக்குள் சாவி அலுவலகத்துக்குப் போய்விடும். எங்களுக்கு முந்தைய ஆண்டு அக்காமார்கள் பலர் அந்தக் கடைசி நாளைக் கையெழுத்து வரிசையிலேயே தொலைத்ததைப் பார்த்திருந்தோம். நூலகம், ஆய்வகம், மெஸ் கணக்கு, வார்டன் என்று ஒவ்வொரு இடமாக அலைந்து திரும்பும்போது கூட இருந்தவர் வண்டி ஏறியிருப்பார். அதனால் நாங்கள் வேலைகளை ஒரு வாரம் முன்பே தொடங்கி, விடைபெறுவதை முந்தைய இரவுக்கு வைத்துக்கொண்டோம். அந்த ஏற்பாடு எப்படி நிலைத்தது என்பதை இப்போது எழுத முடிகிறது.

முதலில், பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டிய நோ டியூஸ் படிவம். இருவர் படிவங்களையும் ஒருவரே எடுத்துப்போய் நூலகத்திலும் ஆய்வகத்திலும் கையெழுத்து வாங்கினோம். நேரில் வரச் சொன்ன இடங்களுக்கு மட்டும் சேர்ந்து போனோம். அறையை ஒப்படைப்பதுதான் சிக்கலான பகுதி. கட்டில், மேசை, நாற்காலி, அலமாரிச் சாவி, மின்விசிறி, ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் நாம் நுழைந்த அன்று கையெழுத்திட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இருவர் அறையில் எது உடைந்திருந்தாலும் பிடித்தம் இருவருடைய முன்பணத்திலும் விழும். என் மேசை இழுப்பறைக்குக் கைப்பிடி இல்லை என்று சோதிக்க வந்தவர் குறித்துக்கொண்டார். என் தோழி பழைய பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். முதல் நாளே அவள் தன் கையெழுத்தில் “கைப்பிடி இல்லை” என்று எழுதி வைத்திருந்தாள், அதுவும் என் மேசைக்கு நேராக. அறிமுகமே ஆகாத ஒருத்திக்காக அவள் செய்த முதல் காரியம் அது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்னால் பேச முடியவில்லை.

சேர்ந்து வாங்கிய பொருட்களில் யார் எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்குப் பார்க்கவில்லை. அடுத்து யாருக்குப் பயன்படும் என்று மட்டும் பார்த்தோம். வேலைக்குப் போய் தனி அறையில் தங்கப்போகிறவள் அவள் என்பதால் கெட்டிலும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அவளுக்கு. மேலே படிக்கப்போகிற எனக்கு மேசை விளக்கு. அதன் கழுத்துத் திருகாணி தளர்ந்துவிட்டது, ஆனாலும் அதில்தான் படிக்கிறேன். வாளிகளையும் கொடிக் கயிற்றையும் இளையவர்களுக்கு விட்டுவிட்டோம்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு: கல்லூரி மின்னஞ்சல் கணக்கு. எங்கள் படங்கள் அனைத்தும் அவளுடைய கல்லூரிக் கணக்கில் ஒரு கோப்புறையில் இருந்தன. எனக்குப் பகிர்ந்திருந்தாள், ஆனால் பகிர்வது என்பது பார்க்க வழிவிடுவது மட்டுமே. உரிமையாளரின் கணக்கை நீக்கினால் கோப்புகளும் போய்விடும். படிப்பு முடிந்தவர்களின் கணக்கைப் பல நிறுவனங்கள் மூடிவிடுகின்றன. அன்று இரவு எல்லாவற்றையும் இறக்கி, இருவரும் தனித்தனிப் பிரதி வைத்துக்கொண்டோம். சில மாதங்களில் அவள் கணக்கு மூடப்பட்டது. படங்கள் பத்திரமாக இருக்கின்றன.

பிறகு, வெறும் கட்டில்களில் உட்கார்ந்து பேசினோம். “தொடர்பில் இருப்போம்” என்று பொதுவாகச் சொல்லிப் பிரிய அவள் விடவில்லை. “எனக்கு நீ செய்ததில் எது நினைவிருக்கிறது என்று நான் சொல்கிறேன், நீயும் சொல்” என்றாள். என் அப்பா மருத்துவமனையில் இருந்த நாட்களில் அவள் என்னிடம் எதுவும் கேட்காமல் என் வகுப்புக் குறிப்புகளையும் சேர்த்து எழுதி வைத்ததைச் சொன்னேன். அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்த இரவு எடுத்த முடிவுகளில் வாரம் ஒருமுறை பேசுவது என்பது நிலைக்கவில்லை. அவளுக்கு இரவுப் பணி, எனக்குக் காலை வகுப்பு. சில மாதங்களில் நின்றுபோனது. நிலைத்தவை இரண்டு. வீடோ எண்ணோ மாறினால் முதலில் தெரிவிப்பது. நேரம் கிடைக்கும்போது குரல்பதிவு அனுப்புவது, பதிலுக்கு அவசரம் இல்லாமல். இரண்டுமே ஒருவர் நேரத்துக்காக மற்றவர் காத்திருக்க வேண்டாதவை, அதனால்தான் தாக்குப்பிடித்தன என்று நினைக்கிறேன்.

பணத் தகராறோ மனக்கசப்போ தீராமல் இருக்கும் அறைக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. முந்தைய இரவு அதைத் தீர்ப்பதிலேயே கழிந்துவிடும்.

எங்கள் ஏற்பாட்டில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். அவள் காலையில் கிளம்பினாள், என் ரயில் மாலையில். இடைப்பட்ட நேரம் முழுவதும் அந்த அறையில் தனியாக இருந்ததுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நீங்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இருவரும் பேசி, சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்றாக வெளியேறும்படி நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.