கன்னை மாற்றுவதா, காட்ரிட்ஜை மாற்றுவதா?

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எங்கள் டாய்லெட்டுக்குப் பின்னால் தரை காயவே இல்லை, ஹெல்த் ஃபாசெட்டிலும் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, “கன்னும் டியூபும் சேர்ந்த செட்டையே மாத்திடுங்க தம்பி” என்றார். மாற்றினேன். தரை அப்படியே ஈரம், வேகமும் அதே.

முதலில் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு சோதனை. சுவரில் டியூப் இணையும் சின்னக் குழாயான ஆங்கிள் காக்கிலிருந்து டியூபைக் கழற்றிவிட்டு, அடியில் பக்கெட் வைத்துக் காக்கை முழுசாகத் திறந்து பாருங்கள். அங்கே நன்றாகக் கொட்டினால் அடைப்பு கன்னிலோ டியூபிலோ இருக்கிறது. கன் முகப்பின் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தாலே பாதி சரியாகிவிடும். காக்கிலேயே மெலிதாக வந்து, அதே டேங்கிலிருந்து வரும் பக்கத்துக் குழாய் நன்றாக ஓடினால், கோளாறு பெரும்பாலும் காக்கின் காட்ரிட்ஜில், அதாவது கைப்பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகத்தில். எல்லாக் குழாயும் மெலிவு என்றால் பெரும்பாலும் டேங்கின் உயரம்தான் காரணம்: 3 மீட்டர் உயரத்துக்கு 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும், அதற்கு எந்தப் பாகத்தை மாற்றியும் பயனில்லை.

ஒழுகலையும் இப்படியே பிரிக்கலாம். டியூப் நட்டில் ஈரம் என்றால் வாஷர் போதும். சுவரோரம் கசிந்தால் அது மரையும் டெஃப்லான் டேப்பும். காக்கின் கைப்பிடிக்கு அடியில் ஊறி டியூப் வழியாக இறங்கினால், அல்லது காக்கை மூடிய பிறகும் கன்னை அழுத்தும்போது தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், காட்ரிட்ஜ். எனக்கு இந்த இரண்டுமே இருந்தன.

இப்போது கேள்வி, காட்ரிட்ஜ் மட்டுமா, ஆங்கிள் காக் முழுவதுமா? என் வாக்கு காட்ரிட்ஜுக்கு, குறிப்பாகச் சுவருக்குள் பழைய இரும்புக் குழாய் உள்ள வீடுகளில், ஏனென்றால் முழு காக்கையும் திருகும்போது உள்ளே துருப்பிடித்த மரை உடைந்தால் டைல்ஸையே பெயர்க்க வேண்டியிருக்கும். காட்ரிட்ஜுக்கு அந்தப் பயம் குறைவு, ஆனாலும் ஒரு ஸ்பேனரால் காக்கின் உடம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் மேல் நட்டைத் திருப்புங்கள். அதற்கு முன் டேங்க் வால்வை மூடி, கன்னை அழுத்திக் குழாயில் மிச்சம் இருப்பதை வடித்துவிட வேண்டும். காட்ரிட்ஜை எடுத்த பிறகு வால்வை இரண்டு நொடி திறந்து மண்டியை வெளியேற்றாமல் புதியதைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். உயரம், மரை, மேலே உள்ள பற்களின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் கைப்பிடி உட்காராது.

பொருத்தமான காட்ரிட்ஜ் கிடைக்கவில்லை, அல்லது காக்கின் உடம்பே பச்சை பூத்து விரிசல் விட்டிருக்கிறது என்றால் முழு காக்தான் வழி, அப்புறம் பிளம்பரைக் கூப்பிடுவதே நல்லது.

என் பழைய காட்ரிட்ஜின் வாயை வண்டல் பாதி மூடியிருந்தது, பீங்கான் டிஸ்க்கில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கீறல்.