ஏடிசிஏஸ்: ஆறும் ஒருசேரத் திரும்புகின்றனவா, ஒவ்வொன்றாகவா?

ஈ. கோலை பாக்டீரியாவில் பிரிமிடின் தயாரிப்பு அஸ்பார்ட்டேட் டிரான்ஸ்கார்பமோயிலேஸ் என்ற நொதியில் தொடங்குகிறது. சுருக்கமாக ஏடிசிஏஸ். அஸ்பார்ட்டேட்டையும் கார்பமோயில் பாஸ்பேட்டையும் இணைப்பது இதன் வேலை. தொடரின் கடைசியில் உருவாகும் சிடிபி திரும்பி வந்து இதே நொதியை அடக்குகிறது, ஏடிபி தூண்டிவிடுகிறது. 1962இல் கெர்ஹார்ட்டும் பார்டியும் இதைக் காட்டினார்கள். அஸ்பார்ட்டேட்டைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் நேராக ஏறாமல் எஸ் வடிவில் ஏறுகிறது என்பதும் அப்போதே தெரிந்தது.

1965இல் கெர்ஹார்ட்டும் ஷாக்மனும் பாதரசச் சேர்மம் ஒன்றைக் கொண்டு நொதியைப் பிரித்தார்கள். வினை செய்யும் சங்கிலிகள் மும்மூன்றாக இரண்டு தொகுதிகளாகவும், கட்டுப்பாட்டுச் சங்கிலிகள் இரண்டிரண்டாக மூன்று தொகுதிகளாகவும் பிரிந்தன. தனியாக நின்ற வினைத்தொகுதி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதன் எஸ் வளைவு மறைந்துவிட்டது, சிடிபியை அது கண்டுகொள்ளவும் இல்லை. சிடிபி உட்காரும் இடமும் வினை நடக்கும் இடமும் வெவ்வேறு சங்கிலிகளில், ஏறத்தாழ 60 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கின்றன. அவ்வளவு தூரம் செய்தி எப்படிப் போகிறது என்பதில்தான் இரண்டு மாதிரிகள் மோதுகின்றன.

மோனோ, வைமன், ஷான்ஜோ மூவரின் 1965 மாதிரியை ஒருசேர மாதிரி எனலாம். மூலக்கூறு முழுவதும் இறுக்க நிலையில் (டி) இருக்கும், அல்லது முழுவதும் தளர்வு நிலையில் (ஆர்) இருக்கும், கலப்புக்கு இடமில்லை. அஸ்பார்ட்டேட் ஆர் நிலையை விரும்புவதால் சமநிலையை அந்தப் பக்கம் இழுக்கிறது. கோஷ்லாண்ட், நெமெதி, ஃபில்மர் 1966இல் வைத்த படிப்படி மாதிரியில் பொருள் ஒட்டிய சங்கிலி மட்டும் உருமாறும். அது பக்கத்துச் சங்கிலியின் வேலையை எளிதாக்கும், அல்லது கடினமாக்கும். எஸ் வளைவை இரண்டாலும் வரைய முடியும். அதனால் எஸ் வளைவைக் காட்டி ஒரு மாதிரியை நிரூபித்துவிட்டதாகச் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

பிரித்துக் காட்டுவது வேறொன்று. படிப்படி மாதிரியின் எளிய வடிவத்தில் உருமாறிய சங்கிலிகளின் பங்கும், பொருள் ஒட்டிய இடங்களின் பங்கும் எப்போதும் சமம். ஒருசேர மாதிரியில் உருமாற்றம் முந்திக்கொண்டு ஓடும். கணக்குப் போட்டால் தெரியும். டி நிலையில் அஸ்பார்ட்டேட் ஒட்டவே ஒட்டாது என்று வைத்துக்கொள்வோம்:

```
R = (1+a)^6 / (L + (1+a)^6)
Y = a(1+a)^5 / (L + (1+a)^6)
```

இதில் `R` தளர்ந்த மூலக்கூறுகளின் பங்கு, `Y` நிரம்பிய இடங்களின் பங்கு. `a` என்பது ஆர் நிலையின் பிரிகை மாறிலியை அலகாக வைத்து அளந்த அஸ்பார்ட்டேட் செறிவு. `L` என்பது பொருள் எதுவும் ஒட்டாதபோது டிக்கும் ஆருக்கும் உள்ள விகிதம். ஏடிசிஏஸுக்கு அது சுமார் 250. `a` = 1 என்றால் இடங்களில் 10% தான் நிரம்பியிருக்கும், ஆனால் மூலக்கூறுகளில் 20% ஏற்கெனவே தளர்ந்துவிட்டிருக்கும்.

பின்னூட்டத் தடுப்பும் இதே சமன்பாட்டில் அடங்குகிறது. சிடிபி இருந்தால் `L` 1250 வரை ஏறுகிறது, ஏடிபி இருந்தால் 70க்கு இறங்குகிறது. `a` = 2 இல், எதுவும் சேர்க்காதபோது நிரம்பும் இடங்கள் 50%; சிடிபியோடு 25%, ஏடிபியோடு 61%. `a`வை 10 ஆக்கிப் பாருங்கள்: மூன்றிலும் 91% வருகிறது. ஆய்வகத்தில் அஸ்பார்ட்டேட்டை அள்ளிப் போட்டுவிட்டு "சிடிபி தடுக்கவில்லையே" என்று குழம்புவது இதனால்தான். pH 8.3 இல் முழு நொதியின் அரைவேகச் செறிவு 12 மில்லிமோலார் அளவில் இருக்கும். தடுப்பைப் பார்க்க அதற்குக் கீழே வேலை செய்ய வேண்டும். அஸ்பார்ட்டிக் அமிலக் கரைசலை முதலில் காரம் விட்டு அதே pHக்குக் கொண்டுவராவிட்டால், செறிவைக் கூட்டக் கூட்ட pH இறங்கும்; வளைவும் கோணலாகும். கார்பமோயில் பாஸ்பேட்டை அன்றன்றே கரைத்துப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். 37 டிகிரியில் ஏறத்தாழ 40 நிமிடத்தில் அதில் பாதி சிதைந்துவிடும்.

சோதனைக்கு வருவோம். இரண்டு வினைபொருள்களையும் ஒட்டவைத்தாற்போன்ற ஒரு போலி மூலக்கூறு உண்டு, பெயர் பாலா (ஆள் பெயரில்லை, எழுத்துச் சுருக்கம்தான்). வினை நடக்கும் இடத்தில் மிக இறுக்கமாக ஒட்டும், ஆகவே தடுப்பானாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அஸ்பார்ட்டேட் குறைவாக இருக்கும்போது துளி பாலா சேர்த்தால் வேகம் கூடுகிறது! `a` = 0.5 இல், பாலாவின் சொந்தப் பிரிகை மாறிலியை அலகாக வைத்து 1 பாலா சேர்த்தால் மேலேயுள்ள மாதிரிப்படி அஸ்பார்ட்டேட் ஒட்டுவது கிட்டத்தட்ட 7 மடங்காகும்; 50 சேர்த்தால் தொடக்க அளவுக்கும் கீழே போய்விடும். ஓரிடத்தைப் பறித்துக்கொண்டு மற்ற ஐந்தைத் திறந்துவிடுகிறது. ஒருசேர மாதிரிக்கு இது வெற்றிதான், ஆனால் முடிவான வெற்றி இல்லை. பக்கத்துச் சங்கிலியைத் தூண்டுவதாகச் சொல்லிப் படிப்படி மாதிரியும் இதை விளக்கிவிடும்.

வழக்கைத் தீர்த்தது 1980இல் யாங்கும் ஷாக்மனும் செய்த கலப்பு மூலக்கூறு என்பேன். ஒரு வினைத்தொகுதி இயல்பானது. இன்னொன்றில் வினையிடங்கள் அடைக்கப்பட்டன. அதிலுள்ள டைரோசினில் நைட்ரோ குழு சேர்த்து, உருமாற்றத்தை நிறமாலையில் காட்டும் அடையாளமாக்கினார்கள். பொருள் ஒட்ட முடிந்தது இயல்பான பாதியில் மட்டும். ஆனால் நிறமாலை மாறியது அடைபட்ட பாதியில். பொருள் தொடாத சங்கிலிகளும் திரும்புகின்றன என்றால், "ஒட்டியது மட்டும் மாறும்" என்ற எளிய படிப்படி மாதிரி நிற்காது.

ஏன் அப்படி என்பதற்கு லிப்ஸ்கம் குழுவின் படிக அமைப்புகள் விடை தந்தன. வினைச்சங்கிலி ஒவ்வொன்றிலும் 240ஆம் எண் அமினோ அமிலங்களை ஒட்டி ஒரு வளையம் உண்டு. டி நிலையில் மேல் தொகுதியின் வளையமும் கீழ்த் தொகுதியின் வளையமும் நேருக்கு நேர் உரசி நிற்கின்றன. அஸ்பார்ட்டேட்டைப் பிடிக்க வளையம் புது இடத்துக்கு நகர வேண்டும், அதற்கு அங்கே இடம் போதாது. இரண்டு தொகுதிகளும் ஏறத்தாழ 11 ஆங்ஸ்ட்ராம் விலகி, ஒன்றுக்கொன்று எதிராகத் திருகிக்கொண்டால்தான் முடியும். விலகல் ஒரு மூலையில் மட்டும் நடக்காது. விலகினால் ஆறுக்கும் சேர்த்தே இடம் கிடைக்கும். வளையத்தை டியில் கட்டிவைக்கும் குளூட்டமேட் 239ஐ குளூட்டமினாக மாற்றினால் எஸ் வளைவு காணாமல் போகிறது. நொதி ஆர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

ஆனால் கட்டுப்பாட்டுச் சங்கிலிப் பக்கம் திரும்பினால் ஒருசேர மாதிரி தடுமாறுகிறது. சிடிபிக்கு ஒரே மாதிரியான ஆறு இடங்கள் இருக்க, மூன்றில் இறுக்கமாகவும் மூன்றில் தளர்வாகவும் ஒட்டுகிறது. முதலில் வந்தது பின்னால் வருவதைத் தள்ளிவிடும் எதிர் ஒத்துழைப்பு இது. ஒருசேர மாதிரிக்கு இதைக் கணக்கில் கொண்டுவர வழியே இல்லை, படிப்படி மாதிரிக்கோ இது இயல்பு. சிடிபி மட்டும் எவ்வளவு சேர்த்தாலும் நொதி முழுவதும் அடங்காது. அதே தொடரில் சிடிபிக்கு முந்தைய படியில் உருவாகும் யுடிபி தனியாக வந்தால் பெரிதாக எதுவும் செய்யாது, சிடிபியோடு சேர்ந்து வந்தால் தடுப்பு ஏறக்குறைய முழுமையாகிறது. ஒவ்வொரு இரட்டைத் தொகுதியிலும் இரண்டு இடங்களும் சமமாக இல்லை என்பதைப் பார்த்தால், இந்தக் கூட்டணி அவ்வளவு வியப்பாகத் தெரியாது.