அம்மிக்கல்லில் தொடங்கிய செடார்: இரண்டு வருட அனுபவம்

கோயம்புத்தூர் வீட்டில் செடார் பாணி சீஸ் செய்ய ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை 11 சீஸ் வட்டுகள் அழுத்தியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் 10 லிட்டர் பசும்பால். கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிலோ. நான்கு குப்பைக்குப் போயின, ஒன்றைக் கசப்போடு தின்று தீர்த்தோம், மீதி நன்றாக வந்தன, அல்லது இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. பாலில் நான் அதிகம் சறுக்கவில்லை. அழுத்துவதிலும் முதிர வைப்பதிலும்தான் அடிபட்டேன், அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, 31-க்கு ஆற்றி, பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவான மீசோஃபிலிக் கல்ச்சரைச் சேர்க்கிறேன். ஒரு மணி நேரம் கழித்துக் கால்சியம் குளோரைடு, அப்புறம் பாலை உறைய வைக்கும் நொதியான ரென்னெட். முக்கால் மணி நேரத்தில் உறைந்ததும் சிறு கட்டிகளாக வெட்டி, மெதுவாக 39 வரை சூடேற்றி, கட்டிகளிலிருந்து பிரியும் வே நீரை வடித்துவிட வேண்டும். அடியில் படிந்து ஒட்டிக்கொண்ட கட்டியைப் பலகைகளாக வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, கால் மணிக்கு ஒரு முறை புரட்டிக்கொண்டே இருப்பதுதான் செடாரிங். இரண்டு மணி நேரத்தில் பலகை, வெந்த கோழி நெஞ்சுக்கறியைப் போல நார் நாராகப் பிரியும். அதைக் கட்டைவிரல் அளவு துண்டுகளாக்கி, எடையில் 2 சதவீதம் உப்புப் போட்டுக் கலந்து அச்சில் நிரப்பினால், அழுத்தும் கருவியான பிரஸ்ஸுக்குத் தயார்.

முதல் வட்டுக்கு என்னிடம் பிரஸ் கிடையாது. துளை போட்ட 12 சென்டிமீட்டர் அச்சு, அதன் மேல் ஒரு மரவட்டை, அதற்கும் மேல் அம்மிக்கல். "என்ற அம்மிய எங்கடா தூக்கிட்டுப் போன?" என்று அம்மா தேடி வந்தபோது கல் ஒரு பக்கம் சாய்ந்து, சீஸ் ஆப்பு வடிவத்தில் இருந்தது. அடுத்து 20 லிட்டர் தண்ணீர் கேனை ஏற்றினேன். நேராக நின்றது. ஆனால் மறுநாள் துணியைப் பிரித்தால் வட்டின் மேல் முழுக்கக் கோடு கோடாக வெடிப்பு. துண்டுகள் தனித்தனியாகவே தெரிந்தன.

எடை போதவில்லை என்று முடிவு கட்டினேன். பாதிதான் சரி. சீஸுக்கு எத்தனை கிலோ என்பது கணக்கில்லை, எவ்வளவு பரப்பில் அந்தக் கிலோ இறங்குகிறது என்பதே கணக்கு. 12 சென்டிமீட்டர் அச்சின் பரப்பு 113 சதுர சென்டிமீட்டர். 20 கிலோவை வைத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 180 கிராம்கூட இல்லை. உப்புப் போட்ட செடார் துண்டுகள் லேசில் ஒன்றோடொன்று ஒட்டாது. அதற்கு இது ரொம்பக் குறைவு. தச்சரிடம் சொல்லி ஒரு நெம்புகோல் பிரஸ் செய்து வாங்கினேன். ஒரு முனை ஆணியில் பூட்டியிருக்கும், அங்கிருந்து ஒரு சாண் தள்ளி அச்சு, மூன்று சாண் தள்ளித் தண்ணீர் கேன். அதே கேன் இப்போது 60 கிலோவாக இறங்குகிறது. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

அப்படியும் மூன்றாவது வட்டில் வெடிப்பு போகவில்லை. நாலு மாதம் கழித்து வெட்டிப் பார்த்தபோது உள்ளே கோணல் மாணலான இடுக்குகள், அதில் ஒரு இடுக்கு வழியாகப் பச்சை நீலப் பூஞ்சணம் நடு வரைக்கும் போயிருந்தது. ஓட்டைகள் உருண்டையாக இருந்தால் உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது, கிருமி வேலை. ஓரங்கள் கூராக, துண்டுகளின் வடிவத்தைக் காட்டினால் அவை ஒட்டாமல் விட்ட இடைவெளி. என்னுடையது இரண்டாவது வகை.

காரணம் ஏசி. துண்டு போடுவது, உப்புக் கலப்பது, எடை பார்ப்பது என்று அரை மணி நேரம் 24 டிகிரி அறையில் உட்கார்ந்து நிதானமாகச் செய்துகொண்டிருந்தேன். அச்சுக்குப் போகும்போது தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்திருந்தால் 25 காட்டியிருக்கும். அந்தச் சூட்டில் கொழுப்பு இறுகி, துண்டின் மேல் தோல் கெட்டியாகிவிடுகிறது. அப்புறம் 60 கிலோ என்ன, 100 கிலோ வைத்தாலும் ஒட்டாது. இப்போது ஏசியையும் ஃபேனையும் நிறுத்திவிடுகிறேன். அச்சையும் துணியையும் வெந்நீரில் முக்கி எடுத்து, துண்டுகள் 30, 32 டிகிரியில் இருக்கும்போதே நிரப்பிவிடுகிறேன். ரொம்பச் சூடும் ஆகாது, வெண்ணெய் கசிந்து வே நீரோடு போய்விடும். ஏப்ரல் வெயிலை நான் விரும்புகிற ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

எடையையும் எடுத்தவுடன் முழுதாக ஏற்றுவதில்லை. முதல் கால் மணிக்கு 10 கிலோ. துணியைப் பிரித்துத் திருப்பிப் போட்டு, அரை மணிக்கு 25 கிலோ. மறுபடி திருப்பி, 60 கிலோவோடு இரவு முழுக்க. ஆரம்பத்திலேயே 60 வைத்தால் மேல்தோல் முதலில் மூடிக்கொண்டு, உள்ளே இருக்கிற வே நீர் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். காலையில் இன்னும் வெடிப்பு தெரிந்தால், 60 டிகிரித் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, அதே துணியைச் சுற்றி இன்னும் ஆறு மணி நேரம் அழுத்துவேன். மேல்தோல் மூடிவிடும். உள்ளே இருக்கிற இடுக்குக்கு இது மருந்தில்லை.

அடுத்து முதிர வைப்பது. இங்கிலாந்தின் சோமர்செட்டில், இந்தச் சீஸுக்குப் பேர் கொடுத்த செடார் கிராமத்துக் குகைகள் வருடம் முழுக்க 11 டிகிரியிலேயே இருக்கும். நமக்குக் குகை இல்லை, பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் இருக்கிறது. சாதாரண ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் சீஸ் கெடாது, ஆனால் முதிரவும் செய்யாது, தூங்கும். 18-க்கு மேல் போனால் வேகமாக முதிர்ந்து கசப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும். 10 முதல் 13 வரை இருந்தால் போதும். ஃபிரிட்ஜின் பிளக்கை ஒரு வெளித் தெர்மோஸ்டாட் வழியாகப் போட்டு 12-ல் வைத்திருக்கிறேன். அதன் சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கிறபோதெல்லாம் கம்ப்ரஸர் ஓடும். தண்ணீர் நிறைத்த ஒரு சின்ன பாட்டிலுக்குள் விட்டுவிட்டேன், அமைதியாகிவிட்டது. ஒரு முறை ஆறு மணி நேர மின்வெட்டில் கதவைத் திறக்காமலே வைத்ததில் 15 வரைதான் ஏறியது. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஈரப்பதம்தான் என்னைப் படுத்தியது. 80 முதல் 85 சதவீதம் வேண்டும். என் ஈரப்பதமானி சமர்த்தாக 82 காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஒன்பதாம் நாள் நாலாவது வட்டின் விளிம்பு வெளுத்து, முடியிழை போல விரிசல் விட்டது. ஃபிரிட்ஜ் சரியில்லையா, காயாமலிருக்க வட்டின் மேல் நெய் தடவியது போதவில்லையா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் சந்தேகம் மீட்டர் மேல் திரும்பியது. அதைச் சோதிப்பது சுலபம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் மாதிரி குழைத்துக்கொள்ள வேண்டும். முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் போட்டு மூடி 12 மணி நேரம் விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் காற்று 75 சதவீதத்தில் நிற்கும். என் மீட்டர் 87 காட்டியது. அப்படியென்றால் அது சொன்ன 82 உண்மையில் 70. சீஸ் காய்ந்ததில் ஆச்சரியமே இல்லை. இப்போது மீட்டர் மேல் மார்க்கரில் 'கழித்தல் 12' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அதைச் சரிசெய்ய ஈரத் துண்டைத் தொங்கவிட்டேன், அது மறுகோடிக்குப் போய்விட்டது. கூரையிலிருந்து சொட்டு விழுந்து சீஸின் மேல் வழவழவென்று பிசின், வாரத்துக்குள் பூஞ்சணம். ஃபிரிட்ஜ் முழுவதின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதைவிட ஒரு சின்ன டப்பாவின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவது எளிது என்று அப்புறம்தான் புரிந்தது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, அடியில் சின்ன மூங்கில் பாய், அதன் மேல் வட்டு. சீஸிலிருந்து போகிற ஈரமே டப்பாவுக்குப் போதும். மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்தால் துடைத்துவிட்டு ஒரு விரற்கடை திறந்து வைக்கிறேன். விளிம்பு வெளுத்தால் இறுக்கி மூடுகிறேன். தினமும் ஒரு முறை புரட்டல். மேலே பூஞ்சணம் வந்தால் உப்பும் வினிகரும் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போகும், பயப்பட வேண்டாம். வட்டே உப்பிப் புடைத்தால் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுவேன்.

தராசுதான் என்னிடம் இருப்பதிலேயே நம்பகமான கருவி. துணி சுற்றி நெய் தடவிய என் ஏழாவது வட்டு 1,010 கிராமில் தொடங்கியது. முதல் மாதம் 45 கிராம் இழந்தது, அதன் பிறகு மாதத்துக்கு 12 முதல் 15. இந்த வேகம் திடீரென்று கூடினால் டப்பா காய்கிறது. நின்றுபோனால் உள்ளே புழுக்கம்.

ஒரே நாள் பாலில் இரண்டு வட்டு செய்து, ஒன்றை நெய்த்துணியிலும் ஒன்றை வேக்யூம் பையிலும் எட்டு மாதம் வைத்துப் பார்த்தேன். துணிச் சீஸ் உலர்ந்து, லேசான வேர்க்கடலை வாசனையோடு, நொறுங்கலாக இருந்தது. ஆனால் எடை இழப்பு போக, தோல் சீவியதில் இன்னும் நூறு கிராம் போயிற்று. சின்ன வட்டுக்குப் பரப்பு அதிகம் என்பதால் இந்த நஷ்டம் தவிர்க்க முடியாதது. பைச் சீஸ் மென்மையாக, புளிப்பு தூக்கலாக இருந்தது. ஈரப்பதக் கவலையே இல்லை. முதல் இரண்டு வாரத்தில் பைக்குள் வே நீர் கசிந்தால் பிரித்துத் துடைத்து வேறு பையில் போட வேண்டும், அவ்வளவுதான். புதிதாகச் செய்பவர் பையிலேயே தொடங்கலாம். ருசி என்று கேட்டால் என் ஓட்டு துணிக்கு.

கசப்பு வட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று பசும்பால் கிடைக்காமல் கொழுப்பு தனியே பிரியாதபடி ஹோமோஜினைஸ் செய்த பாக்கெட் பாலில் செய்தேன். கட்டி தளதளவென்று இருந்ததால் பயந்து ரென்னெட்டை இரண்டு மடங்காக்கினேன். நான் வாங்குவது நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் சைவ ரென்னெட். அது சீஸுக்குள் தங்கி மாதக்கணக்கில் புரதத்தை உடைத்துக்கொண்டே இருக்கும், அளவு மீறினால் கசக்கும். இரண்டாம் மாதம் நன்றாக இருந்த சீஸ் நாலாம் மாதம் வேப்பங்காய்.

இன்னும் தீராத ஒரு தொல்லை டிசம்பர். வெளியே குளிர்வதால் கம்ப்ரஸர் எப்போதாவதுதான் ஓடுகிறது, ஃபிரிட்ஜுக்குள் காற்று உலர்வதே இல்லை. மூடியை எவ்வளவு திறந்து வைத்தாலும் மீட்டர், 12 கழித்த பிறகும், 93-ல் நிற்கிறது. பத்தாவது வட்டை அந்த மாதம் முழுக்க நாள் தவறாமல் துடைத்துத்தான் காப்பாற்றினேன். பதினொன்றாவதை அந்தத் தலைவலியே வேண்டாமென்று பையில் போட்டுவிட்டேன்.