ஒரே வீட்டில் மூன்று வறண்ட தோல்: பிறவிச் செதிலுக்குப் பல வருடமாகப் பூசிப் பார்த்தவை

தை பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கம் யாருடைய முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினாலும் வெள்ளைக் கோடு விழும். மழை ஓய்ந்து, பனியும் வறட்டுக் காற்றும் சேர்ந்து அடிக்கும் காலம் அது. எங்கள் வீட்டில் அப்போது மூன்று பேருக்கும் கால் சொரசொரத்துப் போகும். ஆனால் மூன்றும் ஒரே வறட்சி இல்லை. என்னுடையது இக்தியோசிஸ் வல்காரிஸ் என்கிற பரம்பரைத் தோல்நிலை. மனைவியுடையது சாதாரணப் பனி வறட்சி. எட்டாவது படிக்கும் மகளுடையது எது என்பதுதான் கொஞ்ச காலம் வீட்டில் பெரிய கேள்வியாக இருந்தது.

பிறந்தபோது என் தோல் நன்றாகத்தான் இருந்ததாம். ஆண்டு நிறைவுக்கு மொட்டை போட்ட சமயத்தில்தான் காலில் மாவு மாவாக உதிர ஆரம்பித்தது என்று அம்மா சொல்வார். இந்த வகையில் அப்படித்தான் நடக்கும். பிறந்த அன்றே தெரியாது, முதல் சில வருடங்களில் தலைகாட்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம்தான் மோசம். சின்னச் சின்னக் கட்டங்களாக, நடுவில் ஒட்டியும் ஓரத்தில் தூக்கியும் நிற்கும் செதில்கள். முதுகிலும் கையிலும் அதைவிட மெல்லிசு. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், அக்குள் ஆகிய இடங்களில் ஒன்றுமே இருக்காது. மடிப்புகளில் எப்போதும் கொஞ்சம் ஈரமும் சூடும் தங்குவதால் அங்கே செதில் கட்டுவதில்லை. உள்ளங்கையில் ரேகைகள் ஆழமாகவும் அளவுக்கு மீறியும் ஓடும். ஜோசியரிடம் கையை நீட்டினால் எதைப் படிப்பது என்று அவரே திணறுவார். ஆத்தங்குடிக் கல் பதித்த சிவப்புத் தரை எங்கள் வீட்டில்; நான் உட்கார்ந்து எழுந்த இடம் காலையில் பெருக்குகிறவருக்குத் தனியாகத் தெரியும்.

காரணம் ஃபிலாக்ரின் என்ற புரதம். அதற்கான மரபணுவில் உள்ள பழுதுதான் இந்தத் தோலுக்குக் காரணம் என்று ஸ்காட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழகக் குழு 2006இல் கண்டறிந்தது. இந்தப் புரதம் மேல்தோலில் உடைந்து, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருளாக மாறும். அடைமழையில் உப்பு ஜாடி தானாகக் கசிகிறதே, அந்த வேலையைத்தான் நல்ல தோலில் இந்தப் பொருள் செய்கிறது. எனக்கு அது போதிய அளவில் உருவாவதில்லை. பழைய தோல் அணுக்களும் சரியாகப் பிரிந்து உதிராமல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இது யாருக்கும் ஒட்டாது. பேருந்தில் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து போகிறவர்களுக்கு இதை விளக்குவதை நான் விட்டுப் பல காலம் ஆகிறது.

மனைவிக்கு நாகப்பட்டினம். கடற்கரை ஈரத்தில் வளர்ந்தவர், கல்யாணம் ஆகி வந்த முதல் தை மாதத்தில் காலில் வெடிப்பும் அரிப்பும் பார்த்து, "உங்ககிட்டேருந்து ஒட்டிக்கிச்சாங்க?" என்று பாதி விளையாட்டாகவும் பாதி பயத்தோடும் கேட்டார். அவருக்கு வறட்சியைக் கூட்டியது எங்கள் போர் தண்ணீரும் சோப்பும். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, அதனால் இன்னும் தேய்ப்போம்; தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்த சோப்பு, தோலில் பிசுக்காகத் தங்கும். இரண்டு வேளை, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேறு. சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்று நிறுத்திவிட்டு, வெந்நீரை வெதுவெதுப்பாக்கி, துவட்டிய ஈரத்திலேயே தேங்காய் எண்ணெய் பூசினார். இரண்டு வாரத்துக்குள் கால் பழையபடி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எண்ணெயை நிறுத்தியும் பங்குனி வரை ஒன்றும் வரவில்லை.

வித்தியாசம் இந்த நிறுத்தலில்தான் தெரிகிறது. நான் அதே சோப்பு, அதே தண்ணீர், அதே எண்ணெய் முறையைப் பின்பற்றினால் செதில் படிந்து பளபளப்பாகும். விட்ட மூன்றாம் நான்காம் நாள் கட்டங்கள் திரும்ப வந்து நிற்கும். ஐப்பசி அடைமழையிலும் என் கால் முழுதாகச் சரியாவதில்லை, குறையும், அவ்வளவுதான். காரணத்தை எடுத்ததும் போய்விட்டால் அது சாதாரண வறட்சி. எடுக்க முடியாத காரணம் உள்ளே இருந்தால் அது என் கட்சி.

மகள் விஷயத்தில் இந்தச் சோதனை மட்டும் போதவில்லை. அவளுக்கு பனிக்காலத்தில் மட்டும்தான் காலில் மெல்லிய செதில், எண்ணெய்க்கும் ஓரளவு கேட்கும். அப்பத்தா "அவ அம்மா மாதிரிதான்டா" என்று முடித்துவிட்டார். ஆனால் அவள் உள்ளங்கையைப் பார்த்தால் என் ரேகைகள். மேல்கையின் வெளிப்பக்கம் முடிக்கால் ஒவ்வொன்றிலும் சொரசொரவென்று சின்ன மொட்டு. இந்த இரண்டும் பனி வறட்சியில் வருவன அல்ல. மதுரையில் தோல் மருத்துவர் அவள் கையைப் பார்த்துவிட்டு, என் கையையும் நீட்டச் சொன்னார். என் அம்மாவிடம், "இவரைப் பெத்தப்ப வலி தானா வந்துச்சாம்மா, தள்ளிப் போச்சா?" என்று கேட்டார். பெரும்பாலும் ஆண்களுக்கே வரும் இன்னொரு வகை உண்டு. அதில் செதில் கறுத்துத் தடித்து கழுத்துப் பக்கவாட்டில் வரும், உள்ளங்கை ரேகை இயல்பாக இருக்கும், தாய்க்குப் பிரசவ வலி தாமதமாவது வழக்கம். அது இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் அந்தக் கேள்வி.

பிறகு காகிதத்தில் வரைந்து காட்டினார். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அப்பாவுக்குப் பனிக்காலத்தில் லேசான செதில், அம்மாவுக்கு ரேகை நிறைந்த கை. அந்த மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதியாக இருக்கும்; இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதியும் பழுதாக அமைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒன்று மட்டும் பழுதாக அமையப் பாதி வாய்ப்பு. ஒரு பிரதி பழுதென்றால் லேசாக, இரண்டும் என்றால் என்னைப் போல. அப்படி எனக்கு இரண்டும் என்றால் என் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்று கட்டாயம் போகும். மகளுக்கு மரபணுச் சோதனை தேவையில்லை, கையே போதும் என்றார். இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பலன் உண்டு: இந்தப் பழுது உள்ளவர்களுக்குக் கரப்பானும் இழுப்பும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். முழங்கை மடிப்பில் சிவந்து அரித்தால் அது செதில் இல்லை, கரப்பான். அதற்கு மருந்து வேறு.

இனி பூசிப் பார்த்தவை. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சின்ன வயதிலிருந்து தெரியும். காய்ந்த தோலில் பூசினால் பளபளப்பு மட்டும்தான், சாயங்காலம் மாவு மறுபடி உதிரும். எண்ணெயிடம் ஈரம் இல்லை, உள்ளே இருக்கும் ஈரத்தைத்தான் அது மூடி வைக்கும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் சீயக்காயை உடம்புக்கும் தேய்த்தால் பூசியது அத்தனையும் போய்விடும். தலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூடுவதற்குப் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சியது எதுவும் இல்லை, விலையும் மலிவு. ஆனால் பிசுபிசுப்பு, புழுதி ஒட்டும், வேட்டி கறைபடும். இன்னொன்றைப் பலரும் சொல்வதில்லை. இப்படிப்பட்ட களிம்பு ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். விறகடுப்பு, கார்த்திகை விளக்கு, சூடத்தட்டுப் பக்கம் போகும்போது நான் வேறு வேட்டி கட்டிக்கொள்கிறேன்.

எனக்கு நிலைத்தது யூரியா 10 சதவீத க்ரீம். யூரியாவும் லாக்டிக் அமிலமும் நல்ல தோலின் ஈரம் பிடிக்கும் கலவையில் இயல்பாகவே இருப்பவை, அதனால் இல்லாததை வெளியிலிருந்து கொடுத்தது போல ஆகிறது. யூரியா செதிலை இளக்கவும் செய்யும். வெடிப்பில் பட்டால் சுள்ளென்று எரியும். வெடித்த இடத்தை முதலில் ஜெல்லியால் ஆற்றிவிட்டுத்தான் யூரியா. லாக்டிக் அமிலம் 12 சதவீத லோஷனை முழங்கால், முழங்கை முட்டிகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பூசிய இடம் வெயிலுக்குச் சீக்கிரம் சிவக்கும்.

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கேட்டால், ஒரு கடைக்காரர் சாலிசிலிக் அமிலமும் ஸ்டெராய்டும் கலந்த ட்யூபை எடுத்து நீட்டினார். செதில் தோலுக்கு ஸ்டெராய்டில் வேலையே இல்லை, நாள்பட்டால் தோலை மெலிதாக்கும். சாலிசிலிக் அமிலத்தை உடம்பு முழுக்கப் பூசினால் ரத்தத்தில் கலந்து நஞ்சாகலாம். குதிகால் தடிப்புக்கு மருத்துவர் சொல்லிப் பூசலாம், குழந்தைக்குக் கூடவே கூடாது.

பலருக்கும் க்ரீம் "வேலை செய்யவில்லை" என்பதற்குக் காரணம் அளவு. ஆள்காட்டி விரலின் நுனி மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது காணும். பெரியவரின் ஒரு கால் பாதத்தோடு சேர்த்து அப்படி 8 விரல்நுனி, அதாவது 4 கிராம். இரண்டு காலுக்கு 8, இரண்டு கைக்கு 4, ஆக ஒரு தடவைக்கு 12 கிராம். இரண்டு வேளை என்றால் 24. முப்பது கிராம் ட்யூப் ஒன்றை மாதம் முழுக்க வைத்திருப்பவர் க்ரீமைக் குறை சொல்லக் கூடாது. நான் பெரிய டப்பாவாக வாங்கி, காலையில் காலுக்கும் கைக்கும் யூரியா, ராத்திரி அதன்மேல் ஜெல்லி என்று செலவைக் கட்டுப்படுத்துகிறேன்.

நேரமும் முக்கியம். பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீர், ஈரத் துணியால் ஒரே பக்கமாக மெல்ல வழித்தல், ஒற்றி எடுத்து மூன்று நிமிடத்துக்குள் க்ரீம். காய்ந்த பிறகு பூசினால் பாதி வீண். கல்லால் தேய்த்து உரித்தால் இரண்டு நாள் வழவழப்பு, பிறகு வெடிப்பு.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்களோடு நானும் போனதுண்டு. செதில்காரன் பாதம் தடித்து வெறுங்காலில் வெடிப்பது நிச்சயம். ராத்திரி தங்குமிடத்தில் பாதத்துக்கு ஜெல்லி தடவிப் பருத்திச் சாக்ஸ் போட்டுப் படுத்தால்தான் மறுநாள் அடி வைக்க முடியும்.

சித்திரை வெயிலில் செதில் குறையும், அதற்காகக் கொண்டாட முடியாது. தடித்த தோல் வியர்வைத் துளைகளை அடைப்பதால் வியர்வை குறைந்து உடம்பு சூடேறும். கனத்த ஜெல்லியை அப்போது பூசினால் வேர்க்குரு. மகளின் உடற்பயிற்சி ஆசிரியரிடம் இதை மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்: முகம் சிவந்து தலை சுற்றினால் நிழல், நனைத்த துண்டு, தண்ணீர்.

இதுவரை நல்ல தோலாக இருந்த பெரியவருக்கு நாற்பது, ஐம்பது வயதில் திடீரென்று இப்படிச் செதில் வந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தைராய்டு குறைவு, தொழுநோய் அல்லது அதற்கான சில மாத்திரைகள், நிணநீர்ப் புற்று வரை காரணம் இருக்கலாம். க்ரீம் வாங்கும் முன் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய ஆட்கள் அவர்கள்.