எண்ணெய் விலையை ஓராண்டுக்குக் கட்டுவது: மூன்று வழிகள், ஒரே முறுக்குக் கடை

பினாங்கு மாநிலத்தின் பிறையில் இயங்கும் ஒரு முறுக்குத் தயாரிப்புக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்குச் சராசரியாக 60 டின் செம்பனை எண்ணெய், டின்னுக்கு 17 கிலோ. ஆண்டுக்கு 720 டின், ஏறக்குறைய 12 டன். கூடம் கற்பனைதான், கணக்கு உண்மையாக வரும் கணக்கு. கொட்டேஷன் டின்னுக்கு 90 ரிங்கிட் சுமார் என்று வைத்துக்கொள்வோம். "ஓராண்டுக்கு இதே விலையைப் பிடித்து வையுங்கள், நான் இத்தனை டின் எடுக்கிறேன்" என்று கேட்டால், சப்ளையர் பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்றைத்தான் கொடுப்பார்.

முதலாவது முழு நிலை விலை: டின் 94 ரிங்கிட், ஆண்டு முழுதும். இரண்டாவது சூத்திர விலை: மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடும் கச்சா எண்ணெயின் மாதச் சராசரியை 17 கிலோவுக்குக் கணக்கிட்டு, சுத்திகரிப்பு, டின், லாரிச் செலவு, லாபம் எல்லாம் சேர்த்து மாறாத 17 ரிங்கிட்டைக் கூட்டுவது. மூன்றாவது வரம்பு விலை: 92 ரிங்கிட். அந்த மாதச் சராசரி, டன்னுக்கு 4,300 ரிங்கிட் என்ற அடிப்படையிலிருந்து 8 விழுக்காடு வரை ஏறினாலும் இறங்கினாலும் விலை அசையாது. அதைத் தாண்டும் பகுதி மட்டும் அப்படியே டின் விலையில் சேரும் அல்லது கழியும்.

| கச்சா எண்ணெய், டன்னுக்கு | நிலை விலை | சூத்திரம் | வரம்பு |
|---|---|---|---|
| 3,700 | 94.00 | 79.90 | 87.65 |
| 4,300 | 94.00 | 90.10 | 92.00 |
| 4,900 | 94.00 | 100.30 | 96.35 |

நடு வரிசையைப் பாருங்கள். நிலை விலைக்கும் சூத்திரத்துக்கும் 3.90 ரிங்கிட் வித்தியாசம், 720 டின்னுக்கு 2,808 ரிங்கிட். ஏற்றத்தைச் சப்ளையர் சுமப்பதற்கு நாம் கொடுக்கும் கூலி இதுதான். ஆண்டுச் சராசரி டன்னுக்குச் சுமார் 230 ரிங்கிட் ஏறினால்தான் இந்தக் கூலி கைக்குத் திரும்பும். பின்னால் வரும் எண்ணெய்க்கு இன்றே விலை கட்டும் முன்பேர ஒப்பந்தம், புர்சா மலேசியாவில் ஒன்றுக்கு 25 டன். நம்முடைய 12 டன்னுக்காகத் தனியாக ஒரு ஒப்பந்தம் எடுத்துத் தன்னைக் காத்துக்கொள்ளச் சப்ளையரால் முடியாது. அதனால்தான் சிறிய வாங்குநருக்கு இந்தக் கூலி கொஞ்சம் தடித்தே வரும்.

எது மேல்? நீங்களே சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓராண்டு விலை கொடுத்திருந்தால் நிலை விலைதான், 3.90ஐப் பார்த்து வருந்த வேண்டாம். சொந்தக் கடையில் விற்று, பாக்கெட் விலையை எப்போது வேண்டுமானாலும் மாற்ற முடிந்தால் சூத்திரம் போதும். வரம்பு விலை பலருக்குப் பிடிக்கும். ஆனால் எந்த மாதத்தின் சராசரி, எந்த நாள் வெளியானது என்று எழுதாவிட்டால் ஒவ்வொரு பில்லிலும் தகராறு.

2022 எதற்கும் பாடம். மார்ச்சில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டிய விலை, செப்டம்பர் இறுதிக்குள் அதில் பாதிக்குக் கீழிறங்கியது. உச்சியில் நிலை விலை கட்டியவர், பக்கத்துக் கடைக்காரர் பாதி விலைக்கு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே டின்களை எடுத்திருப்பார். விலை ஏறும் ஆண்டில் அடி வேறு விதமாக விழும்: சப்ளையர் மறுக்க மாட்டார், "ஸ்டாக் இல்லை" என்பார். 60 கேட்டால் 35 வரும், லாரி நான்கு நாள் தள்ளும், எண்ணெயின் தரம் ஒரு படி இறங்கும். ஆகவே ஆர்டர் கொடுத்து எத்தனை நாளில் டெலிவரி, என்ன தரம், வராவிட்டால் வெளியே வாங்கிய விலை வித்தியாசம் யார் தலையில் என்பதை முதலிலேயே எழுத வேண்டும்.

இனி அளவு. "மாதம் 60" என்று உறுதி கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் 110 டின் ஓடும், அதற்குப் பிறகு 40கூடப் போகாது. காலாண்டு வாரியாகவோ ஆண்டு மொத்தமாகவோ கட்டுங்கள். 720 பயன்படுத்துபவர் 540க்கு உறுதி கொடுத்தால் போதும். சப்ளையரும் மேல் வரம்பு கேட்பார், 860 டின் என்று வைப்பது நியாயம். இல்லாவிட்டால் சந்தை ஏறும்போது நாம் அளவுக்கு மீறி வாங்கிக் குவிப்போம் என்று அவருக்குத் தெரியும். 540க்குக் குறைந்தால், மீதியை அடுத்த 3 மாதத்தில் எடுப்பது, அதிலும் முடியாவிட்டால் சப்ளையருக்கு உண்மையில் நேர்ந்த இழப்பைக் கொடுப்பது என்று எழுதலாம். வாய்க்கு வந்த பெரிய தொகையை அபராதமாகப் போட்டாலும், மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது.

அந்த உறுதி வெறும் மரியாதைப் பேச்சும் அல்ல. "விலை 12 மாதம் செல்லும்" என்று அச்சிட்ட கொட்டேஷனை, நாம் ஏற்கும் முன்பு சப்ளையர் திரும்பப் பெறலாம். அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. நம் பக்கம் "தோராயமாக 720 எடுப்போம்" என்று இருந்தால், அவரைக் கட்டிப்போடப் பதிலுக்கு நாம் ஒன்றும் கொடுக்கவில்லை. ஆக 540 என்ற எண்ணும் 94 என்ற எண்ணும் ஒரே தாளில், இரண்டு பேர் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

கேட்கும்போது மூன்று சப்ளையர்களிடம் போய், ஒவ்வொருவரிடமும் இரண்டு விலை கேளுங்கள்: உறுதியோடு ஒன்று, உறுதியில்லாமல் ஒன்று. இரண்டும் ஒன்றாகவே வந்தால், உங்கள் 540 டின்னை அவர் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.