வீட்டு பிபி கணக்கு: நோட்டா, மெஷின் மெமரியா, ஆப்பா, ஷீட்டா?

அப்பாவோட பிபியை காலையும் மாலையும் எடுத்து எழுதி வைங்கன்னு டாக்டர் சொன்னதும் முதல்ல வர்ற கேள்வி எதுல எழுதறதுங்கறதுதான். கோடு போட்ட நோட்டு இருக்கு, மெஷினே சேமிச்சு வைக்குது, போன் ஆப் இருக்கு, அதுபோக நாமளே போட்டுக்கற ஸ்ப்ரெட்ஷீட். நான் ஷீட்டுக்குப் போயிட்டேன், இப்பவும் அதேதான், அதனால இதுல நடுநிலைமை எல்லாம் எதிர்பார்க்காதீங்க.

நோட்டுக்கு சார்ஜ் வேணாம், யார் வேணா எழுதலாம், ஷீட் தொலையாது, ஆப் கிராஃப் காட்டும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது ஒரே விஷயம், அந்த ஆவரேஜ் எப்படி வருதுங்கறது. டேபிள்ல கடைசியா எல்லாரும் பார்க்கறது அந்த ஒரு நம்பரைத்தான், அது எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்ல.

எப்படி எடுக்கணும்னு முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், இது தப்பா இருந்தா எந்த டேபிளும் வேஸ்ட். அரை மணி நேரம் முன்னாடியே காபி, சிகரெட், உடற்பயிற்சி நிறுத்திடணும், பாத்ரூம் போயிட்டு வந்து அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உக்காரணும், கால் ரெண்டும் தரையில, கை நெஞ்சு உயரத்துல, பட்டை நேரா தோல் மேல, பேச்சு கூடாது. காலையில மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னாடி ரெண்டு ரீடிங், நடுவுல ஒரு நிமிஷம் இடைவெளி. மாலையிலயும் அதே மாதிரி ரெண்டு. இப்படி ஏழு நாள் எடுத்து முதல் நாளை விட்டுட்டு மீதியை ஆவரேஜ் பண்றதுதான் பொதுவான வழக்கம். வீட்டு ஆவரேஜுக்கு 135/85ஐ கோடா வச்சுக்கறவங்க உண்டு, அமெரிக்க வழிகாட்டுதல் 130/80ன்னு சொல்லுது, உங்களுக்கு எது கோடுன்னு டாக்டர்தான் சொல்லணும்.

இப்ப ஒரு நாளை எடுத்துப்போம். காலையில 146/90, அடுத்து 140/86. மாலையில வேலை வந்துருச்சு, ஒரு ரீடிங்தான், 124/78. இந்த நாளோட ஆவரேஜ் என்ன? மூணையும் கூட்டி மூணால வகுத்தா 137/85. காலை ஆவரேஜ் 143/88, மாலை 124/78, இந்த ரெண்டுக்கும் நடுவுல எடுத்தா 134/83. அதே ரத்தம், அதே கை, அதே மெஷின், ஆனா ஒரு கணக்குல 135 கோட்டுக்கு மேல, இன்னொரு கணக்குல கோட்டுக்குக் கீழ! ரெண்டு கணக்குமே கணக்கா சரிதான். மாலை ரீடிங் ஒண்ணு குறைஞ்சதால முதல் கணக்குல காலைக்கு ரெண்டு ஓட்டு, மாலைக்கு ஒரு ஓட்டு ஆகிப் போச்சு, அவ்ளோதான். ரெண்டு வேளையும் ரெண்டு ரெண்டு எடுத்திருந்தா எந்த வழியில போனாலும் ஒரே விடைதான் வரும். ஆனா வீட்டுல யாருக்கு தினமும் ஒழுங்கா நாலு ரீடிங் அமையுது?

அதனால நான் ரெண்டு வேளைக்கும் சம எடை குடுக்கற மாதிரி போட்டேன், ஒரு வேளை மொத்தமா விட்டுப்போனா அந்த நாளுக்கு ஆவரேஜே வராது. இது என் தேர்வு, எல்லாரும் இப்படித்தான் பண்ணணும்னு விதி கிடையாது. A-ல தேதி, B-ல இருந்து I வரைக்கும் காலை 1, காலை 2, மாலை 1, மாலை 2, ஒவ்வொண்ணுக்கும் மேல் நம்பர் ஒரு கட்டம், கீழ் நம்பர் ஒரு கட்டம், J-யும் K-யும் ஆவரேஜ், L குறிப்பு. J2-ல இருக்கறது இது:

```
=IF(AND(COUNT(B2,D2)>0,COUNT(F2,H2)>0),ROUND(AVERAGE(AVERAGE(B2,D2),AVERAGE(F2,H2)),0),"")
```

K2-க்கு இதுலயே B, D, F, H-க்கு பதிலா C, E, G, I. நோட்டுல இதையே தினமும் கையால போடலாம், போடறவங்களும் இருக்காங்க, ஆனா நாலு நாள் கழிச்சு ஆவரேஜ் கட்டம் மட்டும் காலியாவே ஓடறதைத்தான் நிறைய நோட்டுல பார்த்திருக்கேன்.

ஷீட்லயும் ரெண்டு பள்ளம் இருக்கு, தெரிஞ்சுக்கோங்க. எடுக்காத வேளைக்கு 0 போடாதீங்க, காலியா விடுங்க. AVERAGE காலி கட்டத்தை கண்டுக்காது ஆனா சைபரை ஒரு ரீடிங்கா எடுத்துக்கும், அப்புறம் மேல் நம்பர் 70, 80ன்னு வந்து நிக்கும். அது கண்ணுக்குப் பட்டுரும், பரவாயில்ல. ரெண்டாவதுதான் சத்தமில்லாம வேலை காட்டும். ஒரே கட்டத்துல 146/90ன்னு அடிச்சா ஷீட்டுக்கு அது நம்பரே இல்ல, வெறும் எழுத்து, கணக்குல சேர்க்காம போயிட்டே இருக்கும், எர்ரர் கூட வராது. கண்டுபிடிக்கறது சுலபம், நீங்க அலைன்மென்ட் மாத்தாம விட்டிருந்தா நம்பர் கட்டத்தோட வலது ஓரமா நிக்கும், எழுத்து இடது ஓரமா ஒட்டிக்கும். இடது பக்கம் ஒதுங்கி நிக்கற ரீடிங் இருந்தா அது ஆவரேஜ்ல இல்லன்னு அர்த்தம்.

இன்னும் ஒண்ணு, என்னைக் கேட்டா இதுதான் ஷீட்டுக்கான முழுக் காரணமே. மேல சொன்ன நாளைத் திரும்பப் பாருங்க, 134ன்னு ஆவரேஜ் பார்த்துட்டு பரவாயில்லன்னு நினைச்சா காலையில 143 இருந்தது தெரியாமலே போயிடும். காலை ரீடிங் மாத்திரைக்கு முன்னாடி எடுக்கறது, அதாவது முந்தின நாள் போட்ட மாத்திரை தேஞ்சு முடியற நேரம். வாரம் முழுக்க காலை ஏறியும் மாலை இறங்கியும் இருந்தா மாத்திரை அடுத்த வேளை வரைக்கும் தாக்குப்பிடிக்கலையோன்னு டாக்டர் யோசிப்பார், வேற காரணமும் இருக்கலாம், அதை அவர் பார்த்துப்பார், நாமளா மாத்திரை நேரத்தை மாத்தக் கூடாது. ஆனா அந்தக் கேள்வி வரணும்னாலே காலை தனி, மாலை தனின்னு வார ஆவரேஜ் கையில இருக்கணும். ஏழு நாள் 2-ல இருந்து 8 வரை வரிசையில இருந்தா, முதல் நாளை விட்டுட்டு மேல் நம்பருக்கு,

```
=AVERAGE(B3:B8,D3:D8)
=AVERAGE(F3:F8,H3:H8)
```

முதல் வரி காலை, ரெண்டாவது மாலை. இதைப் பார்த்த அப்புறம் தினசரி ஆவரேஜ் மேல எனக்கு பெருசா மரியாதை இல்ல, ஒரு நாள் ஏறிடுச்சான்னு ஒரு பார்வை பார்க்க உதவும், அவ்வளவுதான்.

மெஷின் மெமரி இங்கதான் தோத்துப் போகுது. நிறைய மெஷின்ல ஆவரேஜ் பட்டனை அமுக்கினா வர்றது கடைசி ரெண்டு மூணு ரீடிங்கோட ஆவரேஜ், அந்த நாளோடதோ வாரத்தோடதோ இல்ல. காலை மாலை தனியா காட்டற மாடலும் இருக்கு, ஆனா பேட்டரி மாத்தினதும் கடிகாரம் ரீசெட் ஆகற மாடல்ல நேரத்தைத் திரும்ப வைக்காம விட்டா காலை மாலையாயிடும். அதோட வீட்டுல வேற யாராவது சும்மா கையை விட்டுப் பார்த்தா அதுவும் அப்பா கணக்குல சேர்ந்துரும். ஆனா ஒரு வேலைக்கு மெமரி ரொம்ப நல்லது, எழுதினதைச் சரிபார்க்க. கையால எழுதும்போது 137ஐ 135ன்னும் 142ஐ 140ன்னும் மழுப்பற பழக்கம் மனுஷனுக்கு இயல்பு, எழுதின நம்பர் எல்லாம் 0-லயும் 5-லயும் முடிஞ்சா சந்தேகப்படுங்க, மெமரியை எடுத்து ஒத்துப் பாருங்க.

குறிப்பு கட்டத்துல நோட்டு ஜெயிக்குது, ஒத்துக்கறேன். பேனாவை எடுத்தமா, "தூக்கம் இல்ல", "மாத்திரை லேட்"ன்னு கிறுக்கினமான்னு முடிஞ்சுரும், போன்ல அந்தக் கடைசிக் கட்டம் வரைக்கும் தள்ளிட்டுப் போய் டைப் பண்றதுக்குள்ள ஆளு எழுந்து போயிடுவார். தேதியை ஃப்ரீஸ் பண்ணிட்டு குறிப்பை தேதிக்குப் பக்கத்துலயே கொண்டு வந்தா கொஞ்சம் தேவலை, அப்படி மாத்தினா ஃபார்முலால எழுத்துங்க நகரும்னு ஞாபகம் வச்சுக்கோங்க. எதுல எழுதினாலும் குறிப்பை பட்டை சுத்தறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க. நம்பரைப் பார்த்துட்டு எழுதினா 150 வந்த அன்னைக்கு மட்டும் காரணம் தேடுவோம், தூக்கம் கெட்டும் 122 வந்த அன்னைக்கு கட்டம் காலியா இருக்கும், அப்புறம் தூக்கம் கெட்டாதான் ஏறுதுன்னு டேபிளே பொய் சொல்லும். இபுப்ரொஃபென் மாதிரி வலி மாத்திரை, மூக்கடைப்புக்கு எடுக்கற சளி மாத்திரை ரெண்டுமே பிபியை ஏத்தக்கூடியது, அதைக் கண்டிப்பா எழுதணும். எழுந்து நின்னதும் தலை சுத்துச்சுன்னா அதையும். ஆனா குறிப்பு இருக்குங்கறதுக்காக அந்த ரீடிங்கை அழிச்சுராதீங்க, அது கணக்குல இருக்கட்டும்.

ஆப் பத்தி நான் ரொம்பப் பேசக் கூடாது, கொஞ்ச காலம்தான் வச்சிருந்தேன். ப்ளூடூத் மெஷினோட சேர்ந்தா தானா ஏறிடும், எழுத்துப்பிழை, மழுப்பல் எதுவுமே இல்ல, அது பெரிய விஷயம். நான் வச்சிருந்ததுல ஆவரேஜ் எந்தெந்த ரீடிங்கை சேர்த்து வந்ததுன்னு காட்டவே இல்ல, குறிப்பு ஒவ்வொண்ணையும் தட்டித் திறந்தாதான் தெரிஞ்சுது. வேற ஆப்ல நல்லா இருக்கலாம். ரீடிங்கை CSV-யா வெளிய எடுக்க விடுதான்னு மட்டும் பாருங்க, விட்டா ஆப்ல ஏத்தி ஷீட்ல கணக்குப் போட்டுக்கலாம், மோசமில்லாத கூட்டணி.

போன் பக்கமே வராத பெரியவங்க தனியா இருக்காங்கன்னா நோட்டுதான், வேற பேச்சே இல்ல, வாரத்துக்கு ஒருதரம் பிள்ளைங்க யாராவது ஷீட்ல ஏத்திக்கலாம். இதயத்துடிப்பு சீரில்லாதவங்களுக்கு ரெண்டு ரீடிங் பத்தாதுன்னு மூணு எடுக்கச் சொல்றது உண்டு, அவங்க ரெண்டு வேளைக்கும் இன்னும் ரெண்டு ரெண்டு கட்டம் சேர்த்துக்கணும். அப்புறம் 180/120ஐ தாண்டி வந்தா கொஞ்ச நேரம் உக்காந்து இன்னொரு தரம் எடுங்க, அப்பவும் அப்படியே இருந்தா வாரக் கணக்கு முடியட்டும்னு காத்திருக்காம அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடணும், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கண் மங்கல், கை கால் மரத்துப்போறதுன்னு எதாவது இருந்தா மறுபடி எடுத்துட்டு இருக்காம நேரா எமர்ஜென்சிக்குக் கிளம்புங்க, டேபிளை அப்புறம் நிரப்பிக்கலாம்.